ராசிக்கு நான்காவது கடிதம்

1

இந்தக் கதையை நான் ஒரு கசங்கிய தாளிலிருந்து எடுத்தேன். தாளின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எழுதிக்க தங்கச்சி, எம்பேரு மட்டும் வேணாம்" என்றார். என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் "கார்த்தீஸ்வரன்" என்றார். பிறந்ததிலிருந்து அந்தப் பேருக்காகக் காத்துக்கிடந்தவர் மாதிரி. அவர் மனைவிக்கு ராஜேஸ்வரி என்று நான் வைத்தேன். வீட்டில் கூப்பிட ராசி.

அந்தத் தாளில் இருந்தது காதல் கடிதம். கட்டின மனைவிக்கு, கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து, அவள் கோபித்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டியில் அம்மா வீட்டுக்குப் போன பிறகு எழுதியது. மொத்தம் நான்கு முறை எழுதப்பட்டது. மூன்று முறை கெட்டுப்போனது. அதில் இரண்டு முறை கெடுத்தது நான்.

கதைக்கும் மூன்று தொடக்கம் எழுதினேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அ) வெடித்துக் கிடக்கும் மானாவாரி நிலத்தைப் போல அவன் நெஞ்சும்

[அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் என்றாலே வெடித்த நிலத்தைக் கூட்டிவருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்றைக்கு மழை. கடை வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.]

ஆ) காதல் என்பது

[இதை முடிக்கப்போவதில்லை.]

இ) திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கிற ஆன்லைன் சென்டரில் நான் வேலை பார்க்கிறேன். ஒரு மழை நாளில், லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் நனையாமல் கொண்டுவந்த பாலிதீன் பையை மேஜையில் வைத்து, "இதுல தப்பு இருந்தா திருத்திக் குடு தங்கச்சி" என்றார்.

இதுவே போதும். நடந்தது இதுதான்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம். பேர் தங்கமாரி. பி.ஏ. தமிழ். எங்கள் தெருவில் முதல் பட்டம் என்னுடையது. பட்டம் வாங்கிய பிறகு எழுத ஆரம்பித்தவள் இல்லை நான். ஆறாம் வகுப்பிலிருந்தே தெருவுக்கு மனு எழுதுகிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், எரியாத தெருவிளக்கு எல்லாம் என் கையெழுத்தில்தான் கலெக்டர் வரைக்கும் போயிருக்கின்றன. "தமிழ் படிச்சு என்னத்தக் கண்ட" என்று கேட்கிற அதே ஆட்கள்தான் மறுநாள் வெள்ளைத்தாளோடு வந்து நிற்பார்கள்.

அதனால் கார்த்தீஸ்வரன் அண்ணன் தாளை நீட்டியதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிரித்தேன்.

"என் இதய ராணி ராஜேஸ்வரிக்கு, உன் அன்புக் கணவன் கண்ணீரில் பேனாவைத் தொட்டு எழுதும் மடல். நீ நிலவு என்றால் நான் வானம். நிலவு இல்லாத வானம் இருண்டு விட்டது. நீ போன நாள் முதல் என் தொண்டையில் சோறு தண்ணீர் இறங்கவில்லை. என் உயிரே, என் மூச்சே, என் தெய்வமே. என்னை மன்னித்து விடு, மன்னித்து விடு, மன்னித்து விடு. மூன்று நாளில் நீ வரவில்லை என்றால் என்னை உயிரோடு பார்க்க மாட்டாய்."

கையெழுத்துக்குக் கீழே அம்பு தைத்த இதயம். அம்பின் நுனியில் சிவப்புப் பேனாவால் மூன்று சொட்டு.

"எப்படி இருக்கு?" என்றார்.

"அண்ணே, அக்கா எதுக்குப் போனாக?"

மழையைப் பார்த்தார். "அது ஒரு சின்ன விசயம்."

"சின்ன விசயத்துக்கா இத்தன சொட்டு ரத்தம்?"

கல்லாவில் இருந்த முதலாளி மதார் மைதீன் பாய் சிரிப்பை அடக்க இருமினார்.

3

சின்ன விஷயம் இது. ராசி அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். பாளையம்பட்டி வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸை நம்பி, கடைக்குத் தாமதமாகப் போய்த் தினமும் திட்டு வாங்க முடியாமல் ஸ்கூட்டர் பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரை வளைவில் விழுந்தாள். மறுநாள் டீக்கடையில் கார்த்தீஸ்வரன் அண்ணன் அவள் விழுந்ததை நடித்துக் காட்டினார். கைப்பிடியைப் பிடித்த மாதிரி கை, விரிந்த முழங்கால், "ஐயோ அம்மா" என்று பெண் குரல். நண்பர் உதயகுமார் அதை வீடியோ எடுத்து, பஸ் டைமிங் கேட்பதற்கென்று இருக்கிற அருப்புக்கோட்டை–திருச்சுழி வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் ஜவுளிக்கடைப் பெண்கள் ராசியிடமே அதைக் காட்டினார்கள்.

அன்று சாயங்காலம் போனவள்தான். சமாதானம் பேசப் போன பெரியவர்களிடம் சொல்லி அனுப்பினாள்: "வாயால சொன்னா மழுப்புவாரு. போனுல சொன்னா பாதியில வச்சிருவாரு. நான் எதுக்கு வேணும்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

[பக்கக் குறிப்பு: அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். பஸ்ஸுக்காக. வீடியோவைப் பார்த்தேன். அது யார் என்று தெரியாமல் சிரிக்கிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டேன். இந்தக் குறிப்பை மூன்று முறை அழித்தேன். கடிதத்தில் உண்மையை எழுதச் சொல்லி ஒருவரை வாட்டிவிட்டு, என் கதையில் மட்டும் இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.]

4

சிவப்புப் பேனாவை எடுத்தேன். திருத்தம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் தேவைப்படலாம்.

முதலில் கடைசி வரியை அடித்தேன். "இது காதல் இல்லண்ணே, மிரட்டல். செத்துருவேன்னு சொன்னா அவுக பயந்துதான் வருவாக. பயந்து வந்தவுக எத்தன நாளைக்கு இருப்பாக?"

"சும்மா ஒரு அழுத்தத்துக்குப் போட்டேன்."

"நெசமா சாகுற யோசன இருந்தா இங்க ஒக்கார வேணாம், இப்பவே ஆசுபத்திரிக்குப் போவோம், நான் கூட வாரேன். இல்லன்னா அந்த வரி இருக்கக் கூடாது."

"இல்ல தாயி. சத்தியமா இல்ல."

அடுத்தது சோறு. "இப்ப எங்க சாப்ட்டு வாரீக?"

"ரெண்டு புரோட்டா."

"தொண்டையில எறங்குச்சா?"

அந்த வரியும் போனது. மனைவிக்குத் தெரிந்த ஒரு பொய் போதும், மிச்சக் கடிதம் முழுவதையும் அவள் நம்பாமல் போவதற்கு.

பிறகு எண்ணினேன். முழுக் கடிதத்தில் நான், என், என்னை என்று எட்டு இடம். ராசியின் பேர் ஒரே இடம். ஸ்கூட்டர் என்ற வார்த்தை இல்லவே இல்லை. மிஞ்சியிருந்த வரிகளுக்கு ஒரு சோதனை வைத்தேன். "இந்த வரிய வெட்டி, வேற எந்தப் பொம்பளைக்காச்சும் குடுத்தா செல்லுமா?" நிலவு செல்லும். வானம் செல்லும். மூச்சு, தெய்வம் எல்லாம் செல்லும். எவளுக்கும் செல்லுகிற வரி ராசிக்கு எதற்கு?

எல்லாவற்றையும் அடித்த பிறகு தாளில் "ராஜேஸ்வரிக்கு" என்பது மட்டும் மிஞ்சியது.

"என்ன தங்கச்சி, ஆளையே காலி பண்ணிட்ட" என்றார்.

5

கடிதத்தின் இரண்டாவது படியை நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். என் தப்பை அப்படியே தருகிறேன்.

"அனுப்புநர்: கார்த்தீஸ்வரன், பாளையம்பட்டி. பெறுநர்: ராஜேஸ்வரி, எம்.ரெட்டியபட்டி. பொருள்: வீடு திரும்ப வேண்டுதல் தொடர்பாக. அன்புடையீர், மேற்படி தேதியில் தேநீர்க் கடையில் நடைபெற்ற சம்பவத்திற்கு"

மதார் மைதீன் பாய் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏம்மா தங்கம், இணைப்பு ஏதும் உண்டா? ஆதார் நகல் வச்சிரு. இல்லன்னா திருப்பி அனுப்பிரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடமாக மற்றவர்களுக்காக எழுதிய கை, தானாகவே யாரோ ஒரு அதிகாரியின் முன்னால் போய்க் குனிந்து நின்றுவிட்டது. எங்கள் ஆட்களுக்கு எழுத்து என்றாலே இரண்டுதான். பரீட்சை, இல்லை என்றால் மனு. ஒன்றில் மார்க் கேட்கிறோம், இன்னொன்றில் கருணை கேட்கிறோம். சொந்த மனுஷியிடம் பேசுவதற்கு எழுத்தை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

[பக்கக் குறிப்பு: கார்த்தீஸ்வரன் அண்ணனுக்கு இன்னும் ஒரு சிக்கல். நெசவுக் குடும்பம், வீட்டில் பேசுவது தெலுங்கு. ராசியும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் தெலுங்கு எழுதத் தெரியாது. சண்டை, சிரிப்பு எல்லாம் ஒரு மொழியில். பேனா எடுத்தால் இன்னொரு மொழி. அந்த இன்னொரு மொழிக்கு நான் பட்டதாரி.]

6

அந்தக் கோபத்தில் மூன்றாவது படியை எழுதினேன். என் படிப்பை யாருக்கோ நிரூபிக்கிற மாதிரி எழுதினேன்.

"பிரிவு தூரமன்று ராஜேஸ்வரி, அது ஒரு மொழி. நீ சென்றபின் இவ்வீட்டின் மௌனத்தை நான் வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்."

அழகாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க இந்த மாதிரி. எழுதும்போது கார்த்தீஸ்வரன் அண்ணனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன். நடுவில் அவர் எட்டிப் பார்த்து, "ஸ்கூட்டர் கண்ணாடிய இன்னும் நான் திருப்பல, அவ வச்சது மாதிரியே இருக்குன்னு சேப்பியா?" என்றார். என் நடையோடு ஒட்டவில்லை. போனால் போகிறதென்று ஒரு மூலையில் சேர்த்தேன்.

அவர் அதைப் பார்த்துத் தன் கையால் எழுதி, எம்.ரெட்டியபட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்காம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்.

ராசி திருத்தி அனுப்பியிருந்தாள்.

பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு. கண்ணாடி வரிக்கு அடியில் மட்டும் இரட்டைக் கோடு. ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால்: "இது மட்டும் நீ. மத்ததெல்லாம் எந்த டீச்சர்? இன்னொருத்தி எழுதுனத வச்சு எனக்குப் புருசன் வேண்டாம். ஒரு தடவதான் பாக்கி."

கார்த்தீஸ்வரன் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "இனி ஒரு தடவதான் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். என் காது சூடானது. பல்கலைக்கழகத் தேர்வில்கூட என்னை யாரும் இப்படிக் குறுக்கே கோடு போட்டு அடித்ததில்லை. அவள் அடித்ததில் ஒரு வரிகூடத் தப்பில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

[இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட நினைத்தேன். ராசியை என்னால் நம்ப முடியவில்லை. என்னைப் போலவே கோபப்படுகிறாளே, என் கோபத்தை அவள் வாயில் வைத்துவிட்டேனோ என்று பயம். கசங்கிய தாளை எடுத்துப் பார்த்தேன். எழுத்து அவளுடையதுதான். என்னைவிடப் பெரிய எழுத்து, என்னைவிட அழுத்தம்.]

7

நான்காவது படிக்கு நான் பேனாவைத் தொடவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன். அவர் எழுதினார்.

"கண்ணாடியில என்ன தெரியும்?"

"அவ குட்ட. அவ ஒயரத்துக்குத் திருப்பி வச்சிருக்கா. நான் ஓட்டுனா எஞ்சட்டப் பட்டன்தான் தெரியும். பின்னால என்ன வருதுன்னே தெரியாது."

"அதத்தான் எழுதணும். இப்பச் சொன்ன மாதிரியே. மேல போடுங்க, மொத வரியா."

எழுதினார். அடுத்து டீக்கடை. "எல்லோரும் சிரித்தபோது என் மனம் வேதனைப்பட்டது" என்று எழுதினார்.

"நெசமா அப்ப வருத்தமா இருந்துச்சா?"

பேனா மூடியைத் திறந்து மூடினார். "அப்ப இல்ல. நல்லா இருந்துச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

"அப்ப அதையே எழுதுங்க."

"எழுதுனா வருவாளா?"

"எனக்குத் தெரியாதுண்ணே. பொய் எழுதுனா என்ன பண்ணுவாகன்னு தெரியும். காமிச்சுட்டாகல்ல."

அடுத்த வரி: "டீக்கடையில் அதே ஆட்களிடம் நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டேன்."

"சொன்னீகளா?"

"சொல்லணும்."

"சொல்லிட்டு வந்து எழுதுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் வரவில்லை. விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தார். "உதயகுமாரு 'பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்டா'ன்னு சிரிச்சான். நீயும் அந்த வீடியோவ அழிடான்னேன். அழிச்சான்" என்றார். பிறகுதான் அந்த வரியை எழுதினார். அதே வார்த்தைகள்தான். முதலில் எழுதியிருந்தால் அது வாக்குறுதி. இப்போது அது செய்தி.

பிறகு உரக்கப் படிக்கச் சொன்னேன். படிக்கிறபோது நாக்கு தடுக்கிய இடங்களில் எல்லாம் பள்ளிக்கூடம் உட்கார்ந்திருந்தது. "ஆகையால்" போனது. "உன்னுடைய" என்பது "ஒன்" ஆனது. ஐந்து மன்னிப்பில் நான்கை எடுத்தோம். ஒரு தடவை கேட்டால் மன்னிப்பு, ஐந்து தடவை கேட்டால் நச்சரிப்பு. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது ராசி சொல்லுகிற வார்த்தையைத் தமிழில் "போய்ட்டு வா" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு, "இது அவ இல்ல" என்றார். அவள் சொல்வது "போயி ரா". தமிழ் எழுத்தில் அதையே எழுதினார். எனக்கு அந்த மொழி புரியாது. புரிய வேண்டியவள் நானில்லை.

கடைசியில் "உடனே திரும்பி வா" என்று எழுதி, தானே அடித்தார். "வருவியா" என்று எழுதி அதையும் அடித்தார். தாளில் இன்னும் பாதி காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு வரி எழுதினார். அது என்னிடமிருந்து வந்ததில்லை. வந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

வேறு தாளில் நகல் எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அடித்ததும் இருக்கட்டும் என்றேன்.

8

"ராசி,

வண்டிக் கண்ணாடிய இன்னும் நான் திருப்பல. ஒன் ஒயரத்துக்கு வச்சது அப்படியே இருக்கு. ஓட்டும்போது என் சட்டப் பட்டன்தான் தெரியுது. பின்னால வர்றது தெரியல.

நீ விழுந்தத டீக்கடைல நடிச்சுக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்ப நல்லா இருந்துச்சு. வீடியோ எடுத்தது உதயகுமாரு. எடுக்கட்டும்னு நின்னது நான். கை முட்டில ரத்தத்தோட நீ எந்திரிச்சு மறுபடி வண்டில ஏறுன. அத நான் அங்க நடிச்சுக் காட்டல.

மன்னிச்சிரு.

அதே டீக்கடைல அதே ஆளுககிட்ட நான் செஞ்சது தப்புன்னு சொல்லிட்டேன். நீ வந்தாலும் வராட்டியும் சொன்னது சொன்னதுதான்.

எதுக்கு வேணும்னு கேட்ட. நீ வேலைவிட்டு வந்ததும் கடைல நடந்ததச் சொல்லுவ. நான் ஒண்ணும் சொல்லாம சோறு திம்பேன். நான் கேக்கலன்னு நெனச்சிருப்ப. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மெரூன் சேலய நாலு தடவ மாத்த வந்த பொம்பள அஞ்சாவது தடவ வந்தாளான்னு தெரியல. அத நான் யாருகிட்ட கேக்க.

காலைல போயி ரா சொல்ல அம்மா இருக்கு. அது வேற.

~உடனே திரும்பி வா~ ~வருவியா~

கீழ எடம் விட்ருக்கேன்.

கார்த்தி"

9

இப்போது முடிவு. மூன்று எழுதினேன்.

முடிவு ஒன்று: ராசி கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு [வேண்டாம். முதல் படி மறுபடியும் உள்ளே வருகிறது.]

முடிவு இரண்டு: ராசி வரவில்லை. கடிதம் நன்றாக இருந்தது, ஆனால் நான்கு வருட மௌனத்தை ஒரு தாள் [இதில் நியாயம் இருக்கிறது. கார்த்தீஸ்வரன் அண்ணன் நல்லவரா என்று எனக்கே முழுசாகத் தெரியாது. கடிதம் நல்ல கடிதம். அவ்வளவுதான் என்னால் உறுதி சொல்ல முடியும்.]

முடிவு மூன்று, நடந்தது:

கடிதம் போய் ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு, குட்டையான ஒரு பெண் கடைக்குள் வந்தாள். வலது முழங்கையில் ஆறிவந்த தழும்பு. "ஸ்கூட்டருக்கு எல்.எல்.ஆர். போடணும்" என்று ஆதாரை நீட்டினாள். பேரைப் பார்த்தேன். கதையில் நான் வைத்த பேர் இல்லைதான், ஆனால் முதல் மூன்று படியிலும் இருந்த பேர்.

"நீங்கதான் அந்த டீச்சரா?" என்றாள்.

"டீச்சர் இல்லக்கா. ஜெராக்ஸ்."

"மௌனத்த வாசிக்கிறாராம். அந்த மனுசன் கரண்டு பில்லக்கூட வாசிச்சதில்ல."

மதார் மைதீன் பாய் இந்த முறை இருமவில்லை, சிரித்தே விட்டார். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அக்கா, பஸ் குரூப்புல அந்த வீடியோவுக்கு நானும் சிரிப்பு போட்டேன்."

"தெரியும். நாப்பத்தொரு பேரு. ஒவ்வொரு பேரா எண்ணிப் பாத்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதுல ஒண்ணு இப்பத்தான் வாயத் தொறந்திருக்கு. போட்டோவ நல்லா எடு."

எடுத்தேன். இந்தக் கதையைப் பற்றிச் சொல்லி அனுமதி கேட்டேன். "அவரு எழுதுனத அவரு குடுத்தா போட்டுக்க. நான் திருத்துனதையும் போட்டுக்க, அதுக்கு எனக்குப் பெருமதான். அந்தத் தாள்ல கீழ நான் எழுதுனத மட்டும் போடாத. அது ஒனக்கு எழுதுனது இல்ல."

கீழே எழுதியிருக்கிறாள். அதை மட்டும் தெரிந்துகொண்டேன்.

பழகுநர் உரிம விண்ணப்பத்தை நிரப்பினேன். பேர், பிறந்த தேதி, ரத்த வகை. ஆதாரில் எந்த ஊர் இருந்தாலும் 'தற்போது வசிக்கும் முகவரி' என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. கர்சர் அங்கே வந்து துடித்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு ஒரு ஊரின் பேரைச் சொன்னாள். பாளையம்பட்டி, எம்.ரெட்டியபட்டி, இரண்டில் ஒன்று. திணறாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

நான் டைப் அடித்தேன். பிழையில்லை. சரிபார்த்து அனுப்பிவிட்டேன்.

உங்களுக்குச் சொல்லமாட்டேன். கேட்டால் அந்த நாற்பத்தொரு பேரில் நீங்கள் உண்டா என்று திருப்பிக் கேட்பேன். வேண்டுமானால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பிய பிறகு ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். உங்கள் ஆசையை அவள் வாயில் வைத்திருந்தீர்கள் என்றால், நாக்கு எங்காவது தடுக்கும். அந்த இடத்தை அடித்துவிடுங்கள்.

தற்போது வசிக்கும் முகவரி: